பாடநூல் வழங்கல் பட்டியலும் நிலுவைக் கணக்கும்

ஒரு பள்ளிக்கு எத்தனை கட்டுப் புத்தகங்கள் வந்து இறங்கின என்பது ஒரு கணக்கு. அப்பள்ளியில் பயிலும் எத்தனை குழந்தைகளின் பையில் வேண்டிய புத்தகம் இருக்கிறது என்பது வேறொரு கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பத்தை நம் ஒன்றியங்களில் ஆண்டுதோறும் காண்கிறோம். பள்ளிக்கூடத்து அலமாரியில் தொங்கும் வழங்கல் பட்டியல் இவ்விரு கணக்குகளையும் இணைக்க வேண்டிய ஏடாகும். அதனை எவ்வாறு எழுதுவது, எவ்வாறு படிப்பது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளை மனத்திற்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியர் பணியும் பாடமும் கல்வித் துறையைச் சார்ந்தவை. கட்டடமும் சுற்றுச்சுவரும் குடிநீரும் போன்றவற்றின் பொருட்டு வளர்ச்சி அலுவலர்களாகிய நாம் அங்குச் செல்கிறோம். ஆயினும், கூரையைப் பார்க்கச் சென்றவர் அறையின் மூலையில் பிரிக்கப்படாமல் கிடக்கும் சிப்பத்தைப் பாராமல் திரும்புதல் இயலாது. மாவட்டத்தின் பதின்மூன்று ஒன்றியங்களில் எதற்குச் சென்றாலும் வழங்கல் பட்டியலை ஒருமுறை கேட்டு வாங்கிப் பார்ப்பது நன்று. தலைமையாசிரியரைக் குறை காண்பதற்காக அன்று. அவர் எழுதி அனுப்பிய நிலுவைக்கு விடை வந்ததா என்று கேட்டறிவதற்காகவே.

நூல்கள் வந்து சேரும் வழியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். தமிழ்நாட்டில் பாடநூல்களை அச்சிட்டு அளிக்கும் பணிக்கென 1970-இல் ஒரு நிறுவனம் ஏற்பட்டது. இன்று அது தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது. அதன் கிடங்குகளிலிருந்து நூல்கள் மாவட்டத்திற்கும், பின்னர் வட்டாரத்தில் குறிக்கப்பட்ட மையத்திற்கும், அங்கிருந்து பள்ளிக்கும் வருகின்றன. எத்தனை படிகள் தேவை என்பது, ‘எமிஸ்’ என்று ஆசிரியர்கள் வழங்கும் கல்வித் தகவல் பதிவில் உள்ள மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு முன்னதாகவே கணிக்கப்படுகிறது. முன்னதாக என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நூல்கள் அச்சாகி ஜூன் மாதத்தில் வந்து சேர வேண்டுமாயின், தேவையைச் சென்ற கல்வியாண்டின் எண்ணிக்கையைக் கொண்டே கணிக்க வேண்டியிருக்கிறது. ஜூனில் புதிதாகச் சேரும் குழந்தையும் அதே மாதத்தில் விலகிச் செல்லும் குழந்தையும் அக்கணிப்பில் இடம்பெறுவதில்லை. எனவே சிறிது மிகுதியோ சிறிது குறைவோ ஏற்படுவது எவருடைய தவறுமன்று. அது முறையிலேயே அமைந்தது. தவறு நேர்வது அதனைப் பட்டியல் காட்டாது மறைக்கும்பொழுதுதான்.

அவ்வாறு மறைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு சொல். ஆசிரியர்கள் ‘செட்’ என்கிறார்கள். ‘நான்காம் வகுப்புக்குப் பதினேழு செட் வந்தது, பதினேழு செட் கொடுத்தாயிற்று’ என்பது வழக்கமான பேச்சு. செட் என்பது பல உருப்படிகளின் கூட்டு. அதில் ஓர் உருப்படி குறைந்தாலும் மாறியிருந்தாலும் அச்சொல் அதனைக் காட்டாது.

2012-13ஆம் கல்வியாண்டு முதல் நம் தொடக்கப் பள்ளிகளில் முப்பருவ முறை நடந்து வருகிறது. ஒவ்வொரு பருவத்திற்கும் தனி நூல் உண்டு. 2018-க்குப் பின் வந்த பாடத்திட்டத்தில் நான்காம் வகுப்பிற்கு ஒரு பருவத்திற்கு இரண்டு தொகுதிகள். முதல் தொகுதியில் தமிழும் ஆங்கிலமும், இரண்டாம் தொகுதியில் கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் அமைந்துள்ளன. மொழிப் பாடங்கள் அடங்கிய முதல் தொகுதி, தமிழ் வழியில் பயில்வோருக்கும் ஆங்கில வழியில் பயில்வோருக்கும் ஒன்றே. இரண்டாம் தொகுதி மட்டும் வழிக்கு வழி மாறும். ஒரே அறையில் இரு வழிக் குழந்தைகளும் அமர்ந்திருக்கும் சிற்றூர்ப் பள்ளியில், பிழை பெரும்பாலும் இந்த இரண்டாம் தொகுதியில்தான் நுழைகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கணக்கின் பொருட்டு நாம் கற்பனையாக அமைத்துக்கொள்ளும் ஒரு பள்ளி. அதன் நான்காம் வகுப்பில் ஜூன் மாத வருகைப் பதிவேட்டின்படி பதினெட்டுக் குழந்தைகள். தமிழ் வழியில் 11 பேர், ஆங்கில வழியில் 7 பேர். முதல் பருவத்திற்கு வந்த நூல்களைக் கட்டவிழ்த்து எண்ணியபோது கிடைத்த கணக்கு இது:

| உருப்படி | தேவை | வரவு | வழங்கியது | கை இருப்பு | நிலுவை |
|---|---|---|---|---|---|
| முதல் தொகுதி (இரு வழிக்கும்) | 18 | 17 | 17 | 0 | 1 |
| இரண்டாம் தொகுதி, தமிழ் வழி | 11 | 12 | 11 | 1 | 0 |
| இரண்டாம் தொகுதி, ஆங்கில வழி | 7 | 5 | 5 | 0 | 2 |
| கூடுதல் | 36 | 34 | 33 | 1 | 3 |

செட் கணக்குப் பார்ப்பவர் இதனை எவ்வாறு காண்பார்? முதல் தொகுதி 17, இரண்டாம் தொகுதி இரு வழியும் சேர்த்து 17, ஆக 17 செட், மாணவர் 18, நிலுவை ஒன்று. மேலிடத்திற்கு அவர் அனுப்பும் அறிக்கையிலும் ‘ஒரு செட் தேவை’ என்றே எழுதுவார். ஆனால் உண்மை நிலை அதுவன்று. தமிழ் வழிக் குழந்தைகள் பதினொருவருக்கும் இரு தொகுதிகளும் கிடைத்துவிடும். ஆங்கில வழியில் ஐவருக்கு இரண்டும் கிடைக்கும். ஆறாவது குழந்தைக்கு முதல் தொகுதி மட்டும் கிடைக்கும். ஏழாவது குழந்தைக்கு ஒன்றுமில்லை. முழுமையாகப் பெற்றவர் 16, பாதி பெற்றவர் ஒருவர், பெறாதவர் ஒருவர். வேண்டுவன மூன்று நூல்கள். கையில் மிஞ்சியிருப்பது, இப்பள்ளிக்குப் பயன்படாத தமிழ் வழி நூல் ஒன்று.

இந்த மிச்ச நூலே பெருந்தீங்கிற்கு வித்தாகிறது. கையில் ஒரு நூல் இருக்கிறது, கையில்லாத ஒரு குழந்தையும் இருக்கிறது. தமிழ் வழி நூலை ஆங்கில வழிக் குழந்தையிடம் கொடுத்து, பட்டியலில் ஒரு சரி குறியிட்டுவிட்டால் பதினேழாவது செட் முடிந்துவிடும். கணக்கு நேராகும், அலமாரியும் காலியாகும். அக்குழந்தை ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் நடப்பது ஒன்றும் நூலில் இருப்பது ஒன்றுமாக விழித்துக்கொண்டிருக்கும். பட்டியலில் நிலுவை எனக் காட்டப்பட்ட குழந்தைக்கு என்றைக்கேனும் நூல் வந்து சேரும். பெற்றுக்கொண்டதாகக் குறிக்கப்பட்ட குழந்தைக்கு வாராது. நிலுவையைக் காட்டும் பட்டியலைக் குறையுள்ள பட்டியலென்று கருதி, அதனை எழுதிய ஆசிரியரை வினவும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின், அங்கே நிலுவைகள் மறையுமேயன்றித் தீரா என்பது நம் கருத்து.

ஆகவே பட்டியலை எழுதும் முறை பின்வருமாறு அமைதல் வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு வரி. ஓர் உருப்படிக்கு ஒரு கட்டம். பெயருக்கு அடுத்தாற்போல், வேறெதற்கும் முன்னதாக, வழி இன்னதெனக் குறிக்க வேண்டும். கட்டத்தில் சரி குறி இடுவதைவிட நூல் கொடுத்த நாளை எழுதுவது மேலானது. இருபத்தைந்து குழந்தைகளுக்கு மேற்படாத ஒரு வகுப்பில் இது கடினமான வேலையன்று. கொடுக்காத கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாகாது. வெற்றுக் கட்டம், கொடுக்கவில்லை என்றும் பொருள்படும், எழுத மறந்தது என்றும் பொருள்படும். ‘நி’ என்ற ஓரெழுத்தைப் பென்சிலால் இட்டு வைத்தால், நூல் வந்த நாளில் அதனை அழித்துத் தேதியை மையால் எழுதலாம். வரியின் இறுதியில் குழந்தையோ பெற்றோரோ கையொப்பமிட வேண்டும். கையொப்பம் எல்லா உருப்படிகளும் சேர்ந்த பின்னரே பெறத்தக்கது; முதல் நாளே வாங்கிவிட்டால் நிலுவைக்குச் சான்று எதுவும் இராது.

இனி, குறிப்பேடுகள். ஆசிரியர் சிலர் நோட்டுப் புத்தகத்தை எண்ணிக்கையால் மட்டும் கணக்கிடுகின்றனர். ஆயின் கோட்டின் வகையே அதன் பயனைத் தீர்மானிப்பது. தமிழ் எழுதப் பழகுவதற்கு இரட்டைக் கோடு, ஆங்கில எழுத்துக்கு நான்கு கோடு, கணக்கிற்குக் கட்டம் போட்டது, படம் வரையக் கோடில்லாதது என வகைகள் பல. எந்த வகுப்பிற்கு எவ்வகை எத்தனை என்பது அவ்வவ்வாண்டின் ஒதுக்கீட்டு ஆணையிலேயே உள்ளது. அதனைப் பட்டியலின் முதற் பக்கத்தில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். கட்டின் மேலுறையில் ஒரு வகை அச்சிட்டிருக்க, உள்ளே வேறு வகை இருத்தலும் உண்டு. மையத்திலிருந்து கட்டுகளைப் பெற்றுக்கொள்ளும்போது கட்டுகளின் எண்ணிக்கைக்கே ஒப்பம் இடுகிறோம். பள்ளிக்கு வந்த இரண்டொரு நாட்களுக்குள் கட்டவிழ்த்து எண்ணி, வேறுபாடு இருப்பின் உடனே எழுத்து மூலம் தெரிவித்தாலன்றி, பின்னர் அது பள்ளியின் கணக்கிலேயே நின்றுவிடும். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, 2023-24-இல் நான்காம் ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்ததால், பயிற்சி நூல்களுக்கும் பட்டியலில் கட்டங்கள் வேண்டியனவாயின. அவற்றைப் பாடநூற் கட்டத்திலேயே சேர்த்து எழுதுவது, செட் என்ற பழைய பிழையை வேறு பெயரில் செய்வதேயாகும்.

பட்டியல் எழுதி முடிந்ததும் இரண்டு சரிபார்ப்புகளைச் செய்ய வேண்டும். மேலே கண்ட எடுத்துக்காட்டில், வரவு 34 என்பது வழங்கியது 33-உம் கை இருப்பு 1-உம் சேர்ந்த தொகைக்குச் சமம். இது பொருளைப் பற்றிய கணக்கு; வரிசைகளின் அடியிலிருந்து பெறப்படுவது. முழுமையாகப் பெற்றவர் 16, பாதி பெற்றவர் 1, பெறாதவர் 1, ஆக 18 என்பது வருகைப் பதிவேட்டின் எண்ணிக்கைக்குச் சமம். இது குழந்தைகளைப் பற்றிய கணக்கு. வரிகளின் ஓரத்திலிருந்து பெறப்படுவது. முன்னது மட்டும் சரியாகி, பின்னது சரியாகாவிடின், பெயர் இல்லாத ஒருவருக்கு நூல் போயிருக்கிறது அல்லது பெயருள்ள ஒருவர் பட்டியலில் விடுபட்டிருக்கிறார் என்று அறியலாம்.

இவ்வாறு விடுபடுவோர் யாவர்? பெரும்பாலும் இடம் மாறி வருபவர்களே. பெற்றோர் செங்கற் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ, திருப்பூர்ப் பக்கத்து ஆலை வேலைக்கோ சென்று திரும்பும் குடும்பங்கள் நம் மாவட்டத்தில் உள்ளன. அக்குழந்தைகள் பருவத்தின் நடுவில் ஒரு பள்ளியை விட்டு மற்றொன்றில் சேர்கின்றனர். விட்டுச் சென்ற குழந்தையின் வரியைப் பட்டியலில் அடித்துவிடும் வழக்கம் தவறானது. நூல் கொடுக்கப்பட்டது உண்மை. குழந்தை அதனைக் கொண்டு சென்றதும் உண்மை. வரியை அப்படியே விட்டு, ஓரத்தில் ‘மாறுதல்’ என்றும் நாளையும் எழுதிவிட்டால் பொருட்கணக்குக் கெடாது. குழந்தைகளின் எண்ணிக்கையில் மட்டும் அவ்வரியைக் கழித்துக்கொள்ளலாம். சேர்ந்த பள்ளியில் அக்குழந்தையைக் கடைசி வரியில் எழுதி, ‘முன் பள்ளியில் பெற்றது’ என்று நூலைக் கண்ணால் பார்த்தபின் குறிக்க வேண்டும். மாற்றுச் சான்றிதழுடன் ஒரு துண்டுத் தாளில், இன்ன பருவம், இன்ன வழி, இன்ன தொகுதிகள் கொடுக்கப்பட்டன என்று முந்திய தலைமையாசிரியர் எழுதிக் கொடுப்பாராயின் அப்புறத்து ஆசிரியருக்குப் பேருதவியாகும். எந்த ஆணையும் இதனைக் கேட்பதாக நாம் சொல்ல வரவில்லை. இரண்டு நிமிட வேலை என்றே சொல்கிறோம்.

நிலுவையைத் தீர்ப்பதில் காலமே முதன்மையானது. முதல் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, இரண்டாம் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மூன்றாவது ஜனவரியில் தொடங்கி ஆண்டுத் தேர்வு வரை. காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளையும் மழை விடுமுறைகளையும் கழித்தால் இரண்டாம் பருவத்தில் எஞ்சும் பள்ளி நாட்கள் மிகவும் குறைவு. அப்பருவத்து நூல் நவம்பர் நடுவில் வந்து சேருமாயின் பாடத்தில் பாதி போய்விட்டிருக்கும். ஆண்டு முழுவதற்கும் ஒரே நூல் என்றிருந்த காலத்தில் ஒரு மாதத் தாமதத்தை ஒருவாறு பொறுத்துக்கொள்ள முடிந்தது. பருவ நூலுக்கு அது பொருந்தாது. எனவே நிலுவைக் கடிதத்தைப் பருவம் தொடங்கிய முதல் வாரத்திற்குள் வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிட வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பள்ளியின் கடிதத்தில் இரண்டே செய்திகள் இருத்தல் போதும். ‘நான்காம் வகுப்பு, முதற் பருவம்: முதல் தொகுதி 1, ஆங்கில வழி இரண்டாம் தொகுதி 2 தேவை. தமிழ் வழி இரண்டாம் தொகுதி 1 மிகுதியாக உள்ளது.’ இரண்டாவது வாக்கியத்தை ஆசிரியர் பலர் எழுதுவதில்லை. மிகுதியைச் சொன்னால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. ஆனால், ஒரு பள்ளியில் தூசி படியும் அந்த ஒரு நூல், நான்கைந்து கல் தொலைவில் உள்ள வேறொரு பள்ளியின் நிலுவையாக இருத்தல் கூடும். வட்டார அலுவலகத்தில் எல்லாப் பள்ளிகளின் மிகுதியும் குறைவும் ஒரே தாளில் அருகருகே எழுதப்பட்டால், கிடங்கிலிருந்து மறுமுறை வண்டி வருவதற்குக் காத்திராமலே பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம். பள்ளிக்குப் பள்ளி நூல் மாறும்போது, கொடுத்தவர் ஒரு சீட்டும் பெற்றவர் ஒரு சீட்டும் வைத்துக்கொண்டு இரு பட்டியல்களிலும் வரவு செலவு எழுத வேண்டும்.

அப்படி இரண்டு நூல்கள் முதலில் வந்தன என்று வைத்துக்கொள்வோம்: முதல் தொகுதி ஒன்று, ஆங்கில வழி இரண்டாம் தொகுதி ஒன்று. ஒன்றுமே பெறாத ஏழாவது குழந்தைக்கு முதல் தொகுதி உரியது; அதில் ஐயமில்லை. இரண்டாம் தொகுதியை ஆறாவது குழந்தைக்குக் கொடுப்பதா, ஏழாவதற்கா? எவருக்குக் கொடுத்தாலும் பட்டியலில் முழுமை 17, பாதி 1 என்றே வரும். கணக்கால் இதற்கு முடிவு கிடையாது. அவ்விருவரையும் ஒரே பலகையில் அடுத்தடுத்து அமர்த்தி வைக்கும் ஆசிரியை, கணக்கில் இல்லாத விடையைக் கண்டவராவார்.

பட்டியலைப் பார்வையிடச் செல்வோர்க்கும் சில அடையாளங்கள் உண்டு. வகுப்பு முழுவதற்கும் எல்லா உருப்படிகளுக்கும் ஒரே நாள் எழுதப்பட்டிருந்து, கையொப்பங்களும் ஒரே பேனா மையில் ஒரே சாய்வில் இருந்தால், அது ஒரே அமர்வில் எழுதப்பட்ட பட்டியல் என்று ஊகிக்கலாம். ஐயத்தைத் தீர்ப்பதற்கு எளிய வழி, அந்நாளின் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒப்பிடுவது. அன்று பள்ளிக்கு வாராத குழந்தை அன்றே நூல் பெற்றதாகக் கண்டிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். தாயோ பாட்டியோ வந்து பெற்றுச் சென்றிருக்கலாம். 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டிருந்த காலத்தில் பெற்றோரை வரவழைத்தே நூல்கள் கொடுக்கப்பட்டன. அவ்வாறாயின் ஒப்பம் பெற்றோருடையதாக இருக்கும். பின்னர் ஐந்து குழந்தைகளைப் பட்டியலின் வெவ்வேறு இடங்களிலிருந்து, இரு வழியினரும் கடைசி வரியில் உள்ளவரும் அமையுமாறு பொறுக்கி, பையைத் திறந்து காட்டச் சொன்னால் போதும். இரண்டாம் தொகுதியின் அட்டையைப் பார்த்தால் வழி தெரியும். ஒருமுறை இவ்வாறு பார்த்தபொழுது, ஆங்கில வழிச் சிறுமி ஒருத்தியிடம் தமிழ் வழி நூல் இருந்தது. வினவியதில், அவளுடைய நூலை அண்டை வீட்டுத் தோழியுடன் மாற்றிக்கொண்டாள் என்றும், தோழியின் அட்டையில் மயில் படம் ஒட்டியிருந்ததே காரணம் என்றும் தெரிந்தது. எல்லா வேறுபாடும் முறைகேடு அன்று என்பதற்கு இதனைச் சொன்னோம்.

பட்டியலின் பயன் முற்றிலும் விளங்குவது ஓர் இடர் வரும்பொழுதுதான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், அதன்பின் நம் மாவட்டத்தின் வழியே சென்றது. கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னையும் பலாவும் சாய்ந்ததை எல்லோரும் அறிவர். ஓடும் கீற்றும் பறந்த வீடுகளில் குழந்தைகளின் புத்தகப் பைகளும் நனைந்து ஊறின. பாதிக்கப்பட்ட மாணவர்களுக்கு மீண்டும் நூல்கள் வழங்கப்படும் என அரசு அறிவித்தது. அத்தகைய வேளையில் மேலிடத்திலிருந்து வரும் முதற் கேள்வி, எத்தனை என்பதன்று, எவை என்பதே. நவம்பர் நடுப்பகுதி இரண்டாம் பருவமாதலால், முதற் பருவ நூலை இழந்த குழந்தைக்கு அது இனி வேண்டுவதில்லை. இரண்டாம் பருவ நூல் உடனே வேண்டும். மற்றொரு சிக்கலும் அவ்வாண்டிற்கு உண்டு. 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு 2018-19-இல்தான் புதிய பாடத்திட்டம் வந்தது. முந்திய ஆண்டுகளில் மிஞ்சிய நூல்கள் பள்ளியின் அலமாரியில் இருந்திருப்பினும், முதல் வகுப்பிற்கும் ஆறாம் வகுப்பிற்கும் அவை பயன்படா. இரண்டாம் வகுப்பிற்கோ ஐந்தாம் வகுப்பிற்கோ அவ்வாண்டு பயன்பட்டிருக்கும். அடுத்த 2019-20-இல் ஏனைய வகுப்புகளுக்கும் புதிய நூல்கள் வந்தபின் அதுவும் இல்லாதாயிற்று. கை இருப்பை எழுதும் கட்டத்தில் நூலின் பதிப்பு ஆண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதன் காரணம் இதுதான். ‘இருப்பு 9’ என்பது ஒன்றும் சொல்லாது. ‘இருப்பு 9, பழைய பாடத்திட்டம்’ என்பது எல்லாம் சொல்லும்.

மறுமுறை வழங்கும் நூலைப் பழைய கட்டத்திலேயே எழுதினால் முதல் வழங்கலின் நாள் அழிந்துபோகும். அதற்கெனப் பட்டியலின் பின்பக்கத்தில் தனித் தாள் ஒட்டி, பெயர், உருப்படி, இழந்த காரணம், மறுமுறை வழங்கிய நாள் என்று நான்கு கட்டங்கள் இடலாம். பட்டியலையே மழை கொண்டுபோகும் நிலையும் உண்டாதலால், ஒவ்வொரு பருவமும் வழங்கல் முடிந்தவுடன் அதன் படி ஒன்றை வட்டார அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். இன்று கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாலும் அது படியே. எமிஸ் பதிவில் வழங்கல் விவரத்தை ஏற்றுவதால் காகிதப் பட்டியல் தேவையில்லை என்று கருதுவோர் இருக்கின்றனர். ஏற்றப்படும் விவரத்தைக் கையொப்பத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்குக் காகிதமே ஆதாரம்; ஆகவே முதலில் காகிதத்தில் எழுதி, அதிலிருந்து பதிவில் ஏற்றுவதே சரியான வரிசை.

பருவ முடிவில் தலைமையாசிரியர் செய்ய வேண்டியது இன்னும் ஒன்றே. கடைசி வரியின் கீழ்க் கோடிட்டு, தீர்ந்த நிலுவை, தீராத நிலுவை, எஞ்சிய இருப்பு ஆகிய மூன்றையும் உருப்படிவாரியாக எழுதி ஒப்பமிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டி, குழுத் தலைவரின் ஒப்பத்தையும் பெற வேண்டும். தீராத நிலுவை உள்ள குழந்தைகளின் பெயர்களைக் கூட்டத்தில் படிக்க வேண்டுவதில்லை. உருப்படியின் பெயரும் எண்ணும் போதும். எஞ்சிய இருப்பு அடுத்த பருவத்துப் பட்டியலின் முதல் வரவாக, பதிப்பு ஆண்டுடன், புதிய தாளின் தலைப்பில் எழுதப்படும்.